அப்பா படத்திலிருந்து குடையை எடுத்த கதை

சட்டம் போட அப்பாவின் நல்ல படம் ஒன்றுதான் இருந்தது. அதில் நீலக் குடை அவர் உச்சந்தலையையும் இடது தோளையும் மறைத்திருந்தது.

முதலில், படத்தின் ஒரு பகுதியை நகலெடுத்து இன்னொரு இடத்தில் பூசும் குளோன் ஸ்டாம்ப்பால் முடியை இழுத்துப் பார்த்தேன். ஒரே சுருள் திரும்பத் திரும்ப வந்து தொப்பி மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் அதே நாளில் எடுத்த இன்னொரு படத்திலிருந்து தலையின் மேல்பகுதியை எடுத்து வைத்தேன். இரண்டு படத்திலும் முகம் ஒரே கோணத்தில் இருந்ததால்தான் இது சரிப்பட்டது. கண்களின் இடைவெளியை வைத்து அளவைப் பொருத்தினேன்.

தோளுக்கு வலது தோளையே நகலெடுத்துத் திருப்பிப் போட்டேன். ஆனால் வெளிச்சம் வலப்பக்கமிருந்து வந்த படம் அது. திருப்பியதும் இடது தோளின் வெளிப்புறம் பளிச்சென்று மின்னியது. அந்த லேயரை மட்டும் Curves கொண்டு இருட்டாக்கி, கழுத்தோரம் மாஸ்க்கில் மென்மையாகக் கலந்தேன்.

பின்னால் மங்கலான மரங்கள்தான், அது சுலபம். ஒட்டிய இடம் வழவழப்பாகத் தெரிந்ததால் நாய்ஸ் எனப்படும் பொடிப் புள்ளிகளைக் கொஞ்சம் சேர்த்தேன்.

இத்தனைக்குப் பிறகும் ஏதோ உறுத்தியது. குடைதான் போயிருந்தது, அதன் நீலச் சாயல் நெற்றியில் அப்படியே இருந்தது! நெற்றியில் மட்டும் நீலத்தைக் குறைத்து, லேசாக வெளிச்சம் கூட்டினேன். அம்மா பார்த்துவிட்டு, “எந்தக் குடை?” என்றார்.