ஒரு பனியன் ஆர்டருக்கு கம்யூனிகேஷன் பிளான் எழுதுவது எப்படி?

திருப்பூரில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் நான் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்து இரண்டாவது வருடம். 12,000 டி-ஷர்ட் ஆர்டர், தையல் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் பையர் வாஷ்கேர் லேபிளில் ஒரு வரியை மாற்றச் சொல்லி மெயில் அனுப்பினார். அரை மணி நேரத்துக்குள் அதை ஆர்டரின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டேன். நாலு பேர் கட்டைவிரல் தூக்கினார்கள். மூன்று நாள் கழித்துச் செக்கிங் டேபிளுக்குப் போனால் பழைய லேபிளோடு 1,800 பீஸ் குவிந்து கிடந்தது. தையல் காண்டிராக்டரைக் கேட்டேன். "எனக்கு யாருமே சொல்லலீங்ணா. குரூப்புல ஒரு நாளைக்கு நூறு மெசேஜ் வருது. லைன்ல நிக்கறவன் எதைன்னு பாக்கறதுங்?" என்றார். நியாயம் அவர் பக்கம்தான்.

பக்கவாட்டுத் தையலைப் பிரித்து லேபிள் மாற்றியதில் இரண்டு நாள் போனது. அதற்கப்புறம் ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரே தாளில் ஒரு பட்டியல் எழுத ஆரம்பித்தேன். யாருக்கு, எந்தத் தகவல், எத்தனை நாளைக்கு ஒரு தடவை, எந்த வழியில், யார் சொல்வது என்பதுதான் அதில் இருக்கும். இதைத்தான் கம்யூனிகேஷன் பிளான் என்கிறார்கள். நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் டி அண்ட் ஏ காலண்டர் எந்த வேலை எந்தத் தேதியில் முடிய வேண்டும் என்று சொல்லும். முடிந்தது என்றோ மாறியது என்றோ யார் காதுக்குப் போக வேண்டும் என்பதை அது சொல்லாது.

படி 1: துணி போகும் வழியிலேயே ஆட்களை எழுதுங்கள்

கம்பெனியின் பதவிப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ஆரம்பித்தால் முக்கியமான ஆட்கள் விட்டுப்போவார்கள். நூலிலிருந்து ஆரம்பியுங்கள். நிட்டிங், டையிங், காம்பேக்டிங், கட்டிங், பிரிண்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங், கடைசியாகத் தூத்துக்குடிக்குச் சரக்கு அனுப்பும் ஃபார்வர்டர். ஒவ்வொரு இடத்திலும் ஒரு ஆளின் பெயரும் நம்பரும் வேண்டும். "டையிங் யூனிட்" என்று எழுதினால் அது யாருமில்லை. லாட்டை மெஷினில் ஏற்றச் சொல்லும் சூப்பர்வைசர் யாரோ, அவர் பெயரை எழுதுங்கள். ராத்திரி ஷிப்டுக்கு வேறு ஆள் என்றால் அவருக்கும் ஒரு வரி.

அப்புறம் துணியின் வழிக்கு வெளியே இருப்பவர்கள்: பையர், பையிங் ஆபீஸ் க்யூ.சி., முதலாளி, அக்கவுண்ட்ஸ், லேபிளும் பாலிபேக்கும் தருகிற கடைக்காரர். பெரும்பாலும் மறந்துபோவது இந்தக் கடைசி ஆளைத்தான்.

எனக்குப் பொதுவாக 14 பேர் தேறுவார்கள். 14 பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது என்று விட்டால் 91 ஜோடி வரும். எல்லாரையும் ஒரே குரூப்பில் போட்டால் என்ன ஆகும் என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

படி 2: கேட்டதும் அவர் என்ன செய்வார்?

இந்தப் படிக்குத்தான் நேரம் செலவழிக்க வேண்டும். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் "இந்தத் தகவல் கிடைத்ததும் இவர் எந்த வேலையை மாற்றுவார்?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்தத் தகவல் அவருக்கு வேண்டாம்.

நம் ஆர்டரையே எடுத்துக்கொள்வோம். மூன்று கலர், கலருக்கு 4,000 பீஸ், துணி கலருக்குச் சுமார் 800 கிலோ. டையிங்கில் இது 400 கிலோவாக இரண்டு லாட் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். டையிங் சூப்பர்வைசருக்குத் தையலில் எத்தனை பீஸ் முடிந்தது என்று தெரிந்து ஒன்றும் ஆகப்போவதில்லை. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: முதல் லாட்டின் ஷேட், பையர் ஒப்புக்கொண்ட லேப் டிப்போடு, அதாவது முன்பே சாயம் போட்டுக் காட்டிய சாம்பிள் துணியோடு, ஒத்துப்போகிறதா? அது தெரிந்தால்தான் இரண்டாவது லாட்டை ஏற்றுவதா, நிறுத்தி வைப்பதா என்று முடிவு செய்வார். சாயம் ஏறிவிட்டால் கலர் திரும்ப வராது. கரு நீலத்தை எடுத்து மறுபடி சாயம் போட்டால் செலவு ஒரு பக்கம், துணி நொய்ந்துபோவது இன்னொரு பக்கம்.

முதலாளி இதற்கு நேர் எதிர். அவருக்கு ஷேட் விவரம் வேண்டாம். ஷிப்மெண்ட் தேதி பிடிக்குமா, பணம் எங்கே தேவைப்படும், இரண்டு மட்டும் போதும்.

நீங்களாக உட்கார்ந்து யோசித்தால் பாதிதான் வரும். மீதிக்கு நேரில் போய் ஒரு டீயோடு கேளுங்கள்: "போன ஆர்டர்ல எது தெரியாம மாட்டினீங்க?" பிரிண்டிங் யூனிட்டில் கேட்டபோது, சரக்கோடு வரும் டெலிவரி சலானில், அதாவது டி.சி.யில், மொத்த பீஸ் மட்டும் எழுதி வருவதாகவும், சைஸ்வாரியாக எண்ணிக்கை இல்லாததால் கட்டைப் பிரித்து அவர்களே எண்ண வேண்டியிருப்பதாகவும் சொன்னார்கள். குழந்தைகள் உடுப்பில் சின்ன சைஸுக்கு ஒரு ஸ்கிரீன், பெரிய சைஸுக்கு வேறு ஸ்கிரீன் என்று வரும். எண்ணிக்கை தெரியாமல் அவர்களால் ஸ்கிரீன் வரிசையை முடிவு செய்ய முடியாது. ஆபீஸில் உட்கார்ந்திருந்தால் இது எனக்கு ஜென்மத்துக்கும் தோன்றியிருக்காது.

படி 3: எவ்வளவு நேரம் தாமதமானால் கெட்டுப்போகும்?

புதிதாக எழுதுபவர்கள் எல்லா வரியிலும் "தினமும்" என்று போட்டுவிடுவார்கள். அதைவிட, தவறு நடந்து எவ்வளவு நேரத்துக்குள் தெரிந்தால் சமாளிக்கலாம் என்று கணக்குப் போடுங்கள். அந்த லைனில் ஒரு நாளைக்கு 600 பீஸ் தைத்தார்கள். எட்டு மணி நேர ஷிப்ட் என்றால் மணிக்கு 75 பீஸ். லேபிள் மாற்றம் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தால் 75 பீஸோடு போகும். மூன்று நாள் ஆனதால் 1,800. ஆகவே தையலில் எந்த மாற்றத்துக்கும் கெடு ஒரு மணி நேரம். அதே காண்டிராக்டர் தரும் உற்பத்திக் கணக்கு நாளைக்கு ஒரு தடவை, சாயங்காலம் வந்தால் போதும்.

டையிங்குக்கு நாள் கணக்கே கிடையாது, லாட் கணக்குதான். அக்கவுண்ட்ஸுக்கு வெள்ளி மாலை, ஏனென்றால் சனிக்கிழமை சம்பளம். காண்டிராக்டரின் பீஸ் கணக்கு சனி மத்தியானம் வந்தால் சண்டை நிச்சயம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பு காண்டிராக்டருக்கு முந்தைய நாளே போக வேண்டும். ஜெனரேட்டருக்கு டீசல் வாங்குவதா, ஞாயிறு ஓட்டுவதா என்று அவர் பார்த்துக்கொள்வார்.

பையர் ஜெர்மனியில் இருந்தால் அவருடைய காலை ஒன்பது மணி நமக்குக் கோடையில் பகல் 12:30, குளிர்காலத்தில் 1:30. அதற்குள் மெயில் போய்விட்டால் அன்றைக்கே பதில் வர வாய்ப்பு உண்டு. சாயங்காலம் ஏழு மணிக்கு அனுப்பினால் பெரும்பாலும் ஒரு நாள் போச்சு.

படி 4: வழியைத் தகவலின் குணம் பார்த்துப் பிரியுங்கள்

பின்னால் ஆதாரம் தேவைப்படும் எதுவும், அதாவது ஷேட் ஒப்புதல், மொத்த உற்பத்திக்கு முன் தைத்துக் காட்டும் பி.பி. சாம்பிளின் ஒப்புதல், தேதி மாற்றம், மெயிலில்தான் போக வேண்டும். அன்றாட எண்ணிக்கைக்கு வாட்ஸ்அப் போதும், ஆனால் ஒரே வடிவத்தில்: கலர், சைஸ், இன்று முடிந்தது, மொத்தம். சும்மா தெரிந்துகொள்ள விரும்புபவர்களுக்கு ஒரு ஷீட் வையுங்கள், வேண்டியபோது அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

வேலையை நிறுத்தவோ மாற்றவோ சொல்லும் தகவல் வேறு ஜாதி. அதற்கு முதலில் போன், பிறகு லைனில் காட்ட ஒரு பொருள். எங்கள் லைனில் ஒடிசா, பீகார் ஆட்கள் பாதிக்கு மேல். தமிழில் ஒட்டும் நோட்டீஸ் அவர்களுக்குச் சுவர் மாதிரிதான். பழைய லேபிள் வைத்த பீஸில் சிவப்பு மார்க்கரால் பெருக்கல் குறி, பக்கத்தில் புது லேபிள் வைத்த பீஸ். இரண்டையும் மெஷினுக்கு மேல் தொங்கவிட்டால் மொழியே வேண்டாம்.

படி 5: சொல்பவர் யார், கேட்டதற்கு அடையாளம் என்ன?

ஒவ்வொரு வரிக்கும் ஒரே ஒரு அனுப்புநர். அவர் லீவு என்றால் மாற்று ஆள். "மெர்ச்சண்டைசிங் டீம்" என்று எழுதிய வரியை யாரும் அனுப்பமாட்டார்கள்.

கட்டைவிரலும் "ஓகே"யும் பார்த்ததற்குக்கூட அடையாளம் இல்லை. செய்ததற்கு அடையாளம் கேளுங்கள். இப்போது நான் லேபிள் மாற்றம் சொன்னால், புது லேபிள் வைத்துத் தைத்த முதல் பீஸின் போட்டோ ஒரு மணி நேரத்தில் வர வேண்டும். வராவிட்டால் நானே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

இத்தனையும் சேர்த்தால் தாள் இப்படி இருக்கும். முழுத் தாளில் 20 வரி வரும், இங்கே ஐந்து மட்டும்.

| யாருக்கு | எது | எப்போது | வழி | அனுப்புபவர் | திரும்ப வர வேண்டியது |
|---|---|---|---|---|---|
| டையிங் சூப்பர்வைசர் | முதல் லாட் ஷேட் முடிவு | இரண்டாம் லாட் ஏற்றும் முன் | போன், பிறகு மெயில் | மெர்ச்சண்டைசர் | லாட் நம்பருடன் பதில் மெயில் |
| பிரிண்டிங் யூனிட் | சைஸ்வாரி எண்ணிக்கை | ஒவ்வொரு கட்டோடும் | டி.சி. | கட்டிங் சூப்பர்வைசர் | கையெழுத்திட்ட டி.சி. நகல் |
| தையல் காண்டிராக்டர் | ஸ்டைல், லேபிள் மாற்றம் | ஒரு மணி நேரத்துக்குள் | போன், லைனில் மாதிரி பீஸ் | மெர்ச்சண்டைசர் | முதல் பீஸ் போட்டோ |
| அக்கவுண்ட்ஸ் | காண்டிராக்டர் பீஸ் கணக்கு | வெள்ளி மாலை | ஷீட் | செக்கிங் சூப்பர்வைசர் | சந்தேகம் இருந்தால் அன்றே போன் |
| பையர் | வார நிலவரம், நிலுவை ஒப்புதல்கள் | செவ்வாய் பகல் 12-க்குள் | மெயில் | மெர்ச்சண்டைசர் | ஒப்புதல் தேதி |

படி 6: ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து வெட்டுங்கள்

முதல் தாள் எப்போதும் நீளமாகத்தான் இருக்கும். ஒரே விஷயத்தை ஒருவர் இரண்டு தடவை போன் செய்து கேட்டால் அவருடைய வரியில் இடைவெளி அதிகம், அல்லது வழி தவறு. ஒரு ரிப்போர்ட்டை மறந்துவிட்டு, யாருமே கேட்கவில்லை என்றால் அந்த வரியை அடித்துவிடலாம். நான் முதலாளிக்கு அனுப்பிக்கொண்டிருந்த தினசரி நிலவரம் அப்படித்தான் செத்தது. இப்போது அவருக்கு சனிக்கிழமை ஐந்து நிமிடம், அவ்வளவுதான்.

இந்தத் தாளால் ஆகாததும் உண்டு. பையர் ஒப்புதலைத் தராமல் உட்கார்ந்துவிட்டால் எத்தனை மெயில் அனுப்பியும் பயனில்லை. அதற்காக ஒரு வரி தனியாக வையுங்கள்: இரண்டு வேலை நாளில் பதில் இல்லையென்றால் பையிங் ஆபீஸுக்குப் போன், நாலாவது நாள் முதலாளியே பேச வேண்டும். இதை ஆர்டர் எடுக்கும்போதே பையரிடம் சொல்லிவிட்டால் பிறகு சங்கடம் இருக்காது. அப்புறம், நடுவில் புது ஜாப் ஒர்க் யூனிட் சேர்ந்தாலோ ராத்திரி ஷிப்ட் ஆரம்பித்தாலோ முதல் கட்டு அங்கே போவதற்கு முன் தாளில் அவர்கள் பெயர் ஏறியிருக்க வேண்டும்.