சக ஊழியரின் சார்ட்டுக்குக் கருத்து எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சக ஊழியர் ஒருவர் ஒரு சார்ட்டின் வரைவை அனுப்பி, "கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்கிறார். வாடிக்கையாளர் புகார்களில் எத்தனை சதவீதம் 24 மணி நேரத்துக்குள் தீர்ந்தது என்று காட்டும் பார் சார்ட் அது என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரலில் 82, மே 83, ஜூன் 85, செப்டம்பரில் 88. இடது அச்சு 80-இல் தொடங்குகிறது. ஜூலையும் ஆகஸ்டும் இல்லை. அதே படத்தில் வலது அச்சை வைத்து, வந்த அழைப்புகளின் எண்ணிக்கை ஒரு கோடாக இறங்குகிறது.

பதில் மெயிலில் பலரும் எழுதுவது இதுதான்: "நன்றாக இருக்கிறது. ஆனால் கொஞ்சம் தவறான எண்ணம் தருகிறது, சரிபாருங்கள்." மனம் நோகக்கூடாது என்ற அக்கறையில் எழுதப்பட்டாலும், இது பெறுபவரைத் தவிக்க விடும் வரி. எதைச் சரிபார்ப்பது? படத்தைப் பார்ப்பவர் கண்ணுக்கு என்ன தெரிகிறது, எண்கள் என்ன சொல்கின்றன என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால்தான் அவருக்குப் பிடி கிடைக்கும்:

"அச்சு 80-இல் தொடங்குவதால் ஏப்ரல் பட்டையின் உயரம் 2, செப்டம்பருடையது 8. பார்ப்பவருக்கு நாம் நான்கு மடங்கு முன்னேறியதுபோல் தெரியும். உண்மையில் கூடியது 6 சதவீதப் புள்ளிகள். அதுவே நல்ல முன்னேற்றம்தான். அச்சை 0-வில் தொடங்கி, பட்டைகளின் மேல் எண்களை எழுதினால் அது தெளிவாகத் தெரியும்."

இந்த இடத்தில் "நீங்கள் பெரிதுபடுத்திக் காட்டியிருக்கிறீர்கள்" என்று எழுதிவிடுவது அடுத்த தவறு. அந்தத் தொடக்க எண்ணை அவர் தேர்ந்தெடுக்காமலே இருந்திருக்கலாம். எண்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் எக்செல் தானாகவே அச்சை 0-வுக்கு மேலே தொடங்கிவிடும். "எக்செல் தானாக வைத்திருக்கலாம், அச்சின் மேல் வலது கிளிக் செய்து, Format Axis-இல் Minimum-ஐ 0 ஆக்கினால் போதும்" என்று சேர்த்தால் குற்றச்சாட்டும் இல்லை, திருத்தும் வழியும் கிடைத்துவிடுகிறது.

கண்ணில் முதலில் பட்ட குறையோடு நின்றுவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. அச்சு 0-வில் தொடங்காததை யாரும் சொல்லிவிடுவார்கள். இந்தப் படத்தில் அதைவிட ஆபத்தானது, விடுபட்ட இரண்டு மாதங்கள். பட்டைகள் சம இடைவெளியில் நிற்பதால் ஏற்றம் 1, 2, 3 என்று மாதாமாதம் வேகம் பிடிப்பதுபோல் தெரிகிறது. ஆனால் கடைசி 3 புள்ளிகள் அதிகரிக்க மூன்று மாதங்கள் ஆயின. சராசரியாக மாதத்துக்கு 1. அதாவது, மே–ஜூனில் இருந்த வேகம் பாதியாகக் குறைந்திருக்கிறது. படத்தில் தெரியும் வேகம் தொடரும் என்று நம்பி மேலாளர் அடுத்த காலாண்டுக்கு இலக்கு வைத்தால், சிரமப்படப் போவது அந்தக் குழுதான்.

ஆனால் இதைத் தீர்ப்பாக எழுத வேண்டாம். அந்த மாதங்கள் ஏன் இல்லை என்பது அவருக்குத்தான் தெரியும். "ஜூலை, ஆகஸ்ட் தரவு கிடைக்கவில்லையா? கிடைத்தால் சேர்த்துவிடலாம். இல்லையென்றால் அந்த இரண்டு இடங்களையும் காலியாக விட்டு, காரணத்தை ஒரு வரியில் கீழே எழுதலாம்" என்று கேள்வியாகக் கேட்பது மரியாதை மட்டுமல்ல, சரியான வழியும் அதுதான்.

இரண்டு அச்சு விஷயத்தில் "குழப்பமாக இருக்கிறது" என்பது போதாது. அழைப்புக் கோடு ஜூன் பட்டையின் உச்சியைக் கடந்து இறங்குவதைப் பார்ப்பவர், அங்கே ஏதோ திருப்பம் நடந்ததாக எண்ணுவார். வலது அச்சின் அளவை மாற்றினால் அந்தச் சந்திப்பு மே மாதத்துக்கு நகரும், அல்லது காணாமலே போகும். இதை அவரே மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். அப்புறம், ஒரே மாத வரிசையோடு இரண்டு சார்ட்டுகளை ஒன்றன் கீழ் ஒன்றாக வைக்கும் யோசனையைச் சொல்லலாம். அழைப்பு குறைந்ததால் புகார் சீக்கிரம் தீர்ந்ததா என்ற கேள்வியும் அப்போது நேர்மையாக எழும்.

நிறம், எழுத்தளவு, தலைப்பின் இடம் ஆகியவற்றையும் இவற்றோடு கலந்து பதினைந்து குறிப்புகளாக அனுப்பினால் இந்த மூன்றும் மூழ்கிவிடும். தவறான முடிவுக்கு இட்டுச்செல்பவை முதலில் வரட்டும்; மற்றவை கடைசியில் "விருப்பமிருந்தால்" என்று ஒரே வரியில். மேலாளரை சிசி-யில் போடவே போடாதீர்கள். வரைவு என்று நம்பித்தான் உங்களிடம் காட்டியிருக்கிறார்.

இன்னொன்று, "அச்சு எப்போதும் 0-வில்தான் தொடங்க வேண்டும்" என்று விதியாக எழுதிவிடாதீர்கள். பட்டையில் நீளமே அளவு என்பதால் அங்கே அது பொருந்தும். கோட்டுப் படத்தில் நாம் படிப்பது ஏற்ற இறக்கத்தை. உடல் வெப்பநிலையை 0-விலிருந்து வரைந்தால் காய்ச்சலே தெரியாது. இந்தச் சதவீதங்களை அவர் கோடாக வரைய விரும்பினால் 80-இல் தொடங்கட்டும். அச்சில் அந்த எண் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று மட்டும் கேளுங்கள்.