விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பில் கூட்டல் சரிதானா? தொகைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சரிபார்ப்பது எப்படி

எங்கள் அத்தை மகன் பல்லடம் பக்கம் லாரி மோதி இறந்துபோனார். சோமனூரில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தவர், வயது 38. மனைவி, இரண்டு குழந்தைகள், அத்தை என நான்கு பேர் மனுதாரர்கள். மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் தீர்ப்பு வந்த அன்று அத்தை அந்தப் பதினாலு பக்கத்தையும் என் கையில் கொடுத்து, "ஏங்கண்ணு, கணக்கெல்லாம் செரியாப் போட்டிருக்காங்களான்னு ஒருக்கா பாத்துச் சொல்லு சாமி" என்றார். கடைசிப் பக்க அட்டவணையைக் கால்குலேட்டரில் கூட்டினேன். ரூ.29,84,350 என்று ஒரு ரூபாய் பிசகாமல் வந்தது. "செரியா இருக்குதுங்க அத்தை" என்று சொல்லிவிட்டேன். அது தவறு. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் எழுத்தாக மாற்றுங்கள்

தீர்ப்பு நகல் பிடிஎஃப் ஆக இருந்தால் இந்த ஒரு கட்டளை போதும்.

```
pdftotext -layout award.pdf award.txt
```

ஸ்கேன் செய்த நகல் என்றால் `tesseract` கொண்டு எழுத்தாக்க வேண்டும். அப்போது காற்புள்ளி, புள்ளியாக மாறி 1.76,000 என்றெல்லாம் வரும். எண்களை மட்டுமாவது தாளோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பிடிஎஃப்-ஐ எக்செல் ஆக்கித் தரும் இணையதளங்களை நான் தொடுவதில்லை. குடும்பத்தின் பெயரும் முகவரியும் அதில் இருக்கின்றன என்பது ஒன்று. அவற்றில் பல அட்டவணையை மட்டும்தான் எடுக்கும் என்பது இன்னொன்று. எங்களுக்கு ஆபத்து இருந்த இடமே அட்டவணைக்கு வெளியேதான்.

எல்லாத் தொகையும் வேண்டும்

```
grep -nE '[0-9]+(,[0-9]+)+|(Rs\.?|₹) ?[0-9]+|[0-9]+/-' award.txt
grep -niE 'lakh|thousand|rupees' award.txt
```

முதல் வரி இலக்கத்தில் உள்ளதையும் இரண்டாவது வரி எழுத்தால் எழுதியதையும் வரி எண்ணோடு காட்டும். நம் முறையில் கடைசிக் காற்புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் இருந்தே ஆகவேண்டும். 28,35 என்று மொட்டையாக ஒன்று வந்தால், மீதி மூன்று இலக்கம் அடுத்த வரிக்குப் போய்விட்டது என்று பொருள்.

எந்தத் தொகை எதற்கு?

இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். எங்களுக்கு நாற்பதுக்கு மேல் தொகைகள் கிடைத்தன. மனுவில் கேட்ட 50 லட்சம், கேட்ட மாத வருமானம், ஆஸ்பத்திரி ரசீதுகள், தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்ட வருமானம், பங்கீடு என எல்லாம் கலந்து கிடந்தன. இழப்பீட்டின் பகுதிகள் அவற்றில் ஆறு மட்டும்தான்.

லிப்ரேஆபிஸின் கால்க் விரிதாளில் ஐந்து நெடுவரிசைகள் போடுங்கள். A-யில் தீர்ப்பின் பத்தி எண், B-யில் தொகை (காற்புள்ளி இல்லாமல்), C-யில் மடங்கு, D-யில் வகை, E-யில் அந்தத் தொகையை ஒட்டித் தீர்ப்பில் உள்ள வாசகம் அப்படியே. வகைக்கு நான் வைத்துக்கொண்ட பெயர்கள்: கோரியது, அடிப்படை, பகுதி, மொத்தம், பங்கு. ஒரே தொகை தீர்ப்பில் மூன்று இடத்தில் வந்தால் மூன்று வரியாகவே எழுதுங்கள். ஆனால் "பகுதி" என்று ஒரு வரிக்கு மட்டும் போடுங்கள். எந்த வரிக்கு என்றால், அட்டவணை வரிக்கு அல்ல. நீதிபதி காரணம் சொல்லி முடிவு செய்த பத்தியில் உள்ள வரிக்கு.

வாசகத்தை எழுதும்போதுதான் கண்ணில் பட்டது. கன்சார்டியம் என்ற தலைப்பில், அதாவது கணவரை, தகப்பனை, மகனை இழந்ததற்கான தொகையாக, 22-ஆம் பத்தியில் "Rs.44,000/- each to petitioners 1 to 4" என்று இருந்தது. ஆளுக்கு 44,000. நான்கு பேர். அட்டவணையிலோ அந்தத் தலைப்புக்கு நேரே வெறும் 44,000.

each, per month, per annum, x 15 போன்ற சொல் எது ஒட்டியிருந்தாலும் C-யில் மடங்கு போட வேண்டும். இல்லாதவற்றுக்கு 1.

கூட்டுவது

```
=SUMPRODUCT((D2:D60="பகுதி")*B2:B60*C2:C60)
```

எங்கள் ஆறு பகுதிகளில் பெரியது வருமான இழப்பு. அதைத் தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும். மாத வருமானம் 15,000. சொந்தத் தொழில், 40 வயதுக்குக் கீழ் என்பதால் எதிர்கால உயர்வு 40 சதவீதம் சேர்த்து 21,000. சார்ந்திருப்பவர்கள் நான்கு பேர் என்பதால் சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்து 15,750. ஆண்டுக்கு 1,89,000. 36 முதல் 40 வயது வரை பெருக்கல் எண் 15. ஆக 28,35,000. உயர்வு விகிதம் உச்ச நீதிமன்றத்தின் 2017 பிரணய் சேத்தி தீர்ப்பிலும், கழிவும் பெருக்கல் எண்ணும் 2009 சரளா வர்மா தீர்ப்பிலும் இருக்கின்றன.

மீதி: கன்சார்டியம் 44,000 × 4, ஈமச்சடங்கு 16,500, சொத்திழப்பு 16,500, மருத்துவச் செலவு 62,350, வண்டி வாடகை 10,000. கூட்டினால் 31,16,350. தீர்ப்பில் இருப்பது 29,84,350. வித்தியாசம் 1,32,000.

வித்தியாசம் வந்தவுடன் அந்த எண்ணை உங்கள் பகுதிகளால் வகுத்துப் பாருங்கள். 1,32,000-ஐ 44,000-ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் 3. விடுபட்டது மூன்று பேரின் தொகை என்று அந்த எண்ணே சொல்லிவிடுகிறது.

பங்கீட்டையும் கூட்டினேன். மனைவிக்கு 12,84,350, குழந்தைகளுக்குத் தலா 7 லட்சம், அத்தைக்கு 3 லட்சம். கூட்டுத்தொகை 29,84,350. எழுத்தால் எழுதிய தொகையும் அதேதான். தவறான மொத்தத்தில் இருந்து எடுத்த எல்லாமே ஒன்றோடொன்று ஒத்துப்போகும். அட்டவணையை மட்டும் கூட்டி நான் ஏமாந்ததும் இதனால்தான்.

வட்டியை இந்தக் கூட்டலில் சேர்க்காதீர்கள். மனு தேதியிலிருந்து 7.5 சதவீதம் என்பது மொத்தத்தின் மேல் வருவது, பகுதி அல்ல.

வித்தியாசம் வந்தால்

வக்கீலிடம் அந்த ஒரு தாளைக் கொடுத்தோம். சிவில் நடைமுறைச் சட்டம் 152-ஆவது பிரிவில் எழுத்துப்பிழை, கூட்டல் பிழைகளை அதே நீதிமன்றமே எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம் என்று மனுப் போட்டார். கால் பங்குக்குப் பதில் மூன்றில் ஒரு பங்கு கழித்திருக்கிறார்கள் என்பது போன்ற குறை இருந்தால் அது கூட்டல் பிழை ஆகாது. மோட்டார் வாகனச் சட்டம் 173-ஆவது பிரிவில் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டியது. எந்த வகை என்று முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்குக் காத்திருந்து மற்றதன் கெடுவை விட்டுவிடக் கூடாது.

பின்சேர்க்கை: பெருந்துறையிலிருந்து ஒருவர், தனக்குக் கூட்டல் 90,000 குறைவாக வருகிறது என்று எழுதியிருந்தார். தாளை வாங்கிப் பார்த்தால் இரண்டு வரிகளில் மடங்கு காலியாக இருந்தது. காலிக் கட்டத்தைக் கால்க் பூஜ்ஜியமாக எடுத்துப் பெருக்கிவிடும். அந்தத் தொகை சத்தமில்லாமல் காணாமல் போகும். 1 என்று கட்டாயம் போடுங்கள்.

திருத்திய உத்தரவு வந்ததும் அதையும் இதே தாளில் போட்டேன். மனைவியின் பங்கு மாறவில்லை. குழந்தைகளுக்குத் தலா 7,44,000, அத்தைக்கு 3,44,000. கூட்டினால் 31,16,350. இந்த முறை 22-ஆம் பத்தியை அத்தைக்கு வாசித்துக் காட்டி, நான்கு பேருக்கும் விரல் மடக்கி எண்ணிவிட்டுத்தான் சரி என்று சொன்னேன்.