36-ஆ 37-ஆ? தவணைக் கொள்முதல் ஒப்பந்தத்தை மெய்ப்புப் பார்ப்பது எப்படி

தவணைக் கொள்முதல் ஒப்பந்தத்தில் எழுத்துப்பிழை பெரிய ஆபத்தில்லை. ஒரு எண் தப்பினால்தான் ஆபத்து. தவணை எண்ணிக்கை ஒன்று கூடிவிட்டால், வாங்கியவர் எல்லாம் கட்டி முடித்துவிட்டதாக நினைக்கும்போது ஒப்பந்தப்படி ஒரு தவணை பாக்கி இருக்கும். பாக்கி இருந்தால் அது தவறுகை, அதாவது கட்டத் தவறிய நிலை. தவறுகை இருக்கும்வரை பொருள் அவருக்குச் சொந்தமாகாது. எண்ணிக்கை, தவறுகை, உரிமை மாற்றம் என்று ஒன்றின் பிழை இன்னொன்றுக்குள் போகும். அதனால் இவற்றை இந்த வரிசையில் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஒரு மாதிரி வரைவை எடுத்துக்கொள்வோம். ஒருவர் ஓர் அச்சு இயந்திரத்தைத் தவணையில் எடுக்கிறார். கட்டி முடிக்கும்வரை ஒப்பந்தத்தில் அவர் "வாடகையாளர்", இயந்திரத்தைக் கொடுத்தவர் "உரிமையாளர்". நாணயம் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான், அதனால் வெறும் எண்களாகவே தருகிறேன்.

பிரிவு 2: மொத்தக் கொள்முதல் விலை 5,28,000. இதில் முன்பணம் 60,000. மீதி 36 தவணைகளில்.

பிரிவு 3: வாடகையாளர் முதல் தவணையை 2024 ஏப்ரல் 5 அன்றும், அதைத் தொடர்ந்து ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி 36 தவணைகளையும், தலா 13,000 வீதம் செலுத்த வேண்டும்.

பிரிவு 9: வாடகையாளர் ஏதேனும் தவணையைச் செலுத்தத் தவறினால், உரிமையாளர் அறிவிப்பு அனுப்பிய 14 நாட்களில் ஒப்பந்தம் முடிவுக்கு வரும்.

பிரிவு 10: அறிவிப்பு கிடைத்த 14 நாட்களுக்குள் நிலுவையைச் செலுத்தினால் பிரிவு 9 பொருந்தாது.

பிரிவு 14: தவணை முடிந்ததும் இயந்திரத்தின் உரிமை வாடகையாளருக்கு மாறும்.

பிரிவு 15: எல்லாத் தவணைகளையும் செலுத்திய பின் வாடகையாளர் 500 செலுத்தி இயந்திரத்தை வாங்கிக்கொள்ளலாம்.

கடைசியில் ஓர் அட்டவணை. வரிசை எண் 1 முதல் 36 வரை, கடைசித் தேதி 2027 மார்ச் 5.

மேலோட்டமாகப் படித்தால் ஒன்றும் உறுத்தாது. சரி, பென்சிலை எடுங்கள்.

படி 1: எண்ணிக்கையை மூன்று வழியில் எண்ணுங்கள்

முதல் வழி, வகுத்தல். 5,28,000-இல் முன்பணம் 60,000 போனால் 4,68,000. அதை 13,000-ஆல் வகுத்தால் 36. பிரிவு 2 சரி.

இரண்டாவது வழி, தேதி. பலரும் சறுக்குவது இங்கேதான். 2024 ஏப்ரல் 5 முதல் 2027 ஏப்ரல் 5 வரை மூன்று வருடம், அதாவது 36 மாதம். ஆனால் இரண்டு முனைகளிலும் ஒரு தவணை விழுந்தால் மொத்தம் 37. நான்கு விரல்களுக்கு இடையில் மூன்று சந்துகள்தானே, அதே கணக்கு. 36 தவணை என்றால் கடைசித் தேதி ஏப்ரல் இல்லை, மார்ச் 5. நம் அட்டவணை மார்ச் 5-இல் முடிகிறது, ஆக அதுவும் சரி. வரிசை எண்ணை மட்டும் நம்பிவிடாதீர்கள். எண் 36 என்று முடிந்தாலும் நடுவில் ஒரு மாதம் விடுபட்டோ இரண்டு முறை வந்தோ இருக்கலாம். ஒவ்வொரு வரியிலும் மாதத்தின் மேல் விரலை வைத்து நகர்த்துவதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது வழி, வாக்கியம். பிரிவு 3-ஐ வாய்விட்டுப் படியுங்கள். "முதல் தவணையை... அன்றும், அதைத் தொடர்ந்து... 36 தவணைகளையும்." ஒன்று கூட்டல் முப்பத்தாறு. 37 தவணை, 4,81,000. பிரிவு 2 சொல்வதைவிட 13,000 அதிகம்.

இது எப்படி நடக்கிறது? எழுதியவர் மனதில் "மொத்தம் 36" என்பது இருக்கிறது. முதல் தவணையின் தேதியைத் தனியாகச் சொல்ல வேண்டியிருப்பதால் வாக்கியத்தைப் பிரிக்கிறார். பிரித்தபின் 36-ஐ 35 ஆக்க மறந்துவிடுகிறார். இந்தப் பிழை ஒப்பந்தங்களில் திரும்பத் திரும்ப வரும், அதனால் "முதல்", "மீதி", "அதன் பின்" என்ற சொற்கள் தவணைக்குப் பக்கத்தில் வந்தாலே நான் நின்றுவிடுவேன்.

ஆனால் 36-ஐ அடித்து 35 என்று நீங்களே எழுதிவிடாதீர்கள். தொடக்கத்தில் ஒரு முறை நான் இப்படித்தான் 37-ஐக் கண்டு பிழை என்று முடிவு கட்டி 36 ஆக்கினேன். கையெழுத்தன்றே ஒரு தவணை வாங்குவதாக இரு தரப்பும் பேசியிருந்தது பிறகுதான் தெரிந்தது. மொத்த விலைதான் தப்பு, எண்ணிக்கை இல்லை. நம் வேலை முரணைக் காட்டுவது. எது சரி என்று சொல்ல வேண்டியது ஒப்பந்தம் போடுகிறவர்கள்.

எண் ஒரே இடத்தில் எண்ணாகவும் எழுத்தாகவும் வந்திருந்தால் இரண்டையும் ஒப்பிட வேண்டும். "36 (முப்பத்தைந்து)" என்று ஒரு வரைவில் பார்த்திருக்கிறேன்.

படி 2: தவறுகைப் பிரிவை நான்கு கேள்விகளோடு படியுங்கள்

எது தவறுகை, எப்போது ஆகிறது, அதன் பிறகு தானாக என்ன நடக்கிறது, சரிசெய்ய எவ்வளவு காலம் இருக்கிறது. இந்த நான்குக்கும் பதிலை ஓரத்தில் குறித்துக்கொண்டே போங்கள். ஏதாவது ஒன்றுக்கு இரண்டு பதில் கிடைத்தால், அல்லது பதிலே இல்லையென்றால், அங்கே கேள்வி எழுப்ப வேண்டும்.

முதல் கேள்விக்கு நம் வரைவு "ஏதேனும் தவணை" என்கிறது. ஒன்று தவறினாலும் போதும். இது "தொடர்ந்து இரண்டு தவணைகள்" என்றிருந்தால் வேறு, "இரண்டு தவணைகள்" என்று மட்டும் இருந்தால் அதுவும் வேறு. மூன்றாம் மாதம் ஒன்றும் இருபதாம் மாதம் ஒன்றும் தவறினால் பின்னதில் மாட்டும், முன்னதில் மாட்டாது. "தொடர்ந்து" என்ற ஒரே சொல் அவ்வளவு வேலை செய்கிறது. வேறு பிரிவிலோ அட்டவணையின் அடிக்குறிப்பிலோ அந்தச் சொல் இல்லாமல் வந்திருக்கிறதா என்று "தவற" என்று தேடிப் பாருங்கள். "தவறினால்", "தவறும்போது", "தவறுகை" எல்லாம் அதில் சிக்கும்.

எப்போது என்பதில் நம் வரைவு மௌனம். 5-ஆம் தேதி கட்டவில்லை, 6-ஆம் தேதி கட்டினார் என்றால் அது தவறுகையா? சலுகை நாள் இல்லையென்றால் ஆம் என்றுதான் படிக்க வேண்டியிருக்கும். சலுகை நாள் சேர்ப்பதா வேண்டாமா என்பது நம் முடிவு இல்லை. வேண்டுமென்றே விட்டதா, விடுபட்டதா என்று மட்டும் கேளுங்கள்.

மூன்றாவதில் வினைமுற்றைக் கவனியுங்கள். "ஒப்பந்தம் முடிவுக்கு வரும்" என்றால் தானாக முடியும். "உரிமையாளர் முடிவுக்குக் கொண்டுவரலாம்" என்றால் அவர் விரும்பினால் மட்டும். பிரிவு 9-இல் ஒரு விதமும் வேறிடத்தில் இன்னொரு விதமும் வந்தால் சண்டைக்கு அதுவே போதும்.

நான்காவதில்தான் நம் வரைவு உண்மையில் முட்டிக்கொள்கிறது. பிரிவு 9-இல் 14 நாள் அறிவிப்பு அனுப்பியதிலிருந்து ஓடுகிறது. பிரிவு 10-இல் கிடைத்ததிலிருந்து. அறிவிப்பு 1-ஆம் தேதி கிளம்பி 6-ஆம் தேதி கிடைத்தது என்று வையுங்கள். பிரிவு 9-படி ஒப்பந்தம் 15-ஆம் தேதி முடிந்துவிடும். பிரிவு 10-படி வாடகையாளருக்கு 20-ஆம் தேதிவரை நேரம் இருக்கிறது. 18-ஆம் தேதி பணத்தோடு வந்து நிற்பவருக்கு என்ன பதில்? மெய்ப்புக் குறிப்பில் இந்தத் தேதிகளை அப்படியே எழுதிக் காட்டுங்கள். "முரண் உள்ளது" என்று மட்டும் எழுதினால் பல நேரம் யாரும் கண்டுகொள்வதில்லை.

அப்புறம், "வாடகையாளர்", "உரிமையாளர்" இரண்டும் ஒரே மாதிரி முடிவதால் இடம் மாறினாலும் கண் ஏமாந்துவிடும். தவறுகைப் பிரிவில் ஒருவர் பெயரை வட்டமிட்டும் மற்றவர் பெயரை அடிக்கோடிட்டும் படித்தால் மாறியது தனியாகத் தெரியும்.

படி 3: பொருள் யாருடையது, எந்த நொடியிலிருந்து

இந்த வகை ஒப்பந்தத்தின் உயிரே இங்கேதான். பொருள் முதல் நாளிலிருந்து வாடகையாளர் கையில் இருக்கும், ஆனால் உரிமை அவரிடம் இருக்காது. அது எந்தச் செயலோடு கைமாறுகிறது என்பது ஒரே ஒரு இடத்தில், ஒரே விதமாகச் சொல்லப்பட வேண்டும்.

பிரிவு 14-இல் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. "தவணை முடிந்ததும்" என்றால் என்ன? தவணை என்பது கட்டும் பணத்தையும் குறிக்கும், குறித்த காலக்கெடுவையும் குறிக்கும். காலக்கெடு என்று படித்தால், 2027 மார்ச் 5 கடந்ததும் பாக்கி இருந்தாலும் உரிமை மாறிவிடும். உரிமையாளர் அதற்குச் சம்மதித்திருக்கவே மாட்டார். "கடைசித் தவணைத் தொகையைச் செலுத்தியதும்" என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

அடுத்த முரண், 14 தானாக மாறும் என்கிறது, 15 வாங்கிக்கொள்ளலாம் என்கிறது. பின்னதில் 500 கட்டும்வரை உரிமை மாறாது. அந்த 500 பிரிவு 2-இன் மொத்த விலையில் இருக்கிறதா என்று பார்த்தால், இல்லை. 60,000-உம் 4,68,000-உம் சேர்ந்தாலே 5,28,000 நிரம்பிவிடுகிறது.

"வாங்க வேண்டும்", "வாங்கலாம்" என்ற வேறுபாட்டின் கனம் இங்கிலாந்தின் இரண்டு பழைய வழக்குகளில் தெரியும். லீ எதிர் பட்லர், 1893. தவணை முழுவதையும் கட்டியே ஆக வேண்டும் என்ற ஒப்பந்தத்தில் அறைகலன்களை எடுத்தவர், முடியும் முன்பே அவற்றை விற்றுவிட்டார். எடுத்தவர் வாங்க ஒப்புக்கொண்டவர்தான் என்று கொண்டதால், அவரிடம் நல்லெண்ணத்தோடு வாங்கியவரின் உரிமை நின்றது. ஹெல்பி எதிர் மேத்யூஸ், 1895. அது ஒரு பியானோ, 36 மாதத் தவணை. எடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் திருப்பித் தரலாம் என்றிருந்தது. அவர் அதை அடகு வைத்தபோது, வாங்கும் கட்டாயம் அவருக்கு இல்லாததால் பொருள் சொந்தக்காரருக்கே போனது. இன்றைய விதி நாட்டுக்கு நாடு வேறு, ஆனால் ஒரு வினைமுற்று என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

படி 4: கேள்விகளை அனுப்புங்கள்

திருத்தமாக அல்ல, கேள்வியாக. நம் வரைவுக்கு நான் எழுதுவது இப்படி இருக்கும்:

1. பிரிவு 3-படி 37 தவணை (4,81,000). பிரிவு 2, அட்டவணைப்படி 36 (4,68,000). எது?
2. பிரிவு 9-இல் சலுகை நாள் இல்லை. வேண்டுமென்றேவா?
3. 14 நாள், அனுப்பியதிலிருந்தா கிடைத்ததிலிருந்தா? 1-ஆம் தேதி அனுப்பி 6-ஆம் தேதி கிடைத்தால் கெடு 15-ஆ, 20-ஆ?
4. பிரிவு 14-இல் "தவணை" என்பது தொகையா, காலமா?
5. உரிமை தானாக மாறுமா, 500 கட்டிய பிறகா? பிந்தியது என்றால் மொத்த விலை 5,28,500-ஆ?

பதில் வந்து திருத்திய பிறகு இன்னொரு முறை படி 1-க்குப் போங்கள். பிரிவு 14-ஐ நீக்கினால் 15 என்பது 14 ஆகிவிடும், "பிரிவு 15-இன்படி" என்று வேறெங்கோ இருக்கும் வரி காற்றில் தொங்கும்.