முதியோர் இல்லப் பிறந்தநாள் அட்டை: எந்த வரிகளை அடிக்க வேண்டும்?

குன்னூர்ப் பக்கம் ஒரு முதியோர் இல்லம். பணி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவருக்குப் பிறந்தநாள். புதிதாகச் சேர்ந்த தன்னார்வலர்கள் எழுதும் அட்டை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"அன்புள்ள பாட்டிக்கு 80வது பிறந்தநாள் வாழ்த்துகள்! பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் சூழ நூறாண்டு வாழ்க! தனிமையை மறந்து சிரியுங்கள், நாங்கள் இருக்கிறோம்! என்றும் உங்கள் பிள்ளைகள்."

எழுதியவர்களிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனாலும் இதில் ஒரு வரிகூடத் தேறாது.

முதலில் 'பாட்டி'. கல்யாணமே செய்துகொள்ளாமல் முப்பது, நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்தவரை, முன்பின் தெரியாத ஒருவர் பாட்டி என்றால் முகம் சுருங்கத்தான் செய்யும். இல்லத்தில் அவரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று அங்கே வேலை செய்யும் அக்காவிடம் கேட்டால் போதும். 'டீச்சர்' என்பார். அட்டையிலும் அதுவே இருக்கட்டும். கேட்க வழியில்லை என்றால் அம்மா, ஐயா.

அடுத்தது அந்த 80. எண்பது முடிந்ததா, நடக்கிறதா என்ற குழப்பம் ஒருபக்கம். அந்த எண்ணைப் பார்த்ததும் சதாபிஷேகம் நினைவுக்கு வரும் என்பது இன்னொரு பக்கம். அது தம்பதியாக உட்கார்ந்து செய்துகொள்வது. துணையை இழந்தவருக்கு அந்த நினைவை நாம் கிளறிவிட வேண்டாம். வயதை எழுதாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

தேதியையும் நம்பிவிட முடியாது. பதிவேட்டில் ஜனவரி 1 என்றோ ஜூன் 1 என்றோ இருந்தால் சந்தேகப்படுங்கள். பிறந்த நாள் தெரியாதவர்களுக்கு ஆதாருக்கோ பள்ளியில் சேர்க்கவோ குத்துமதிப்பாகப் போட்ட தேதியாக இருக்கலாம். இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்த பெரியவர்களுடைய காகிதங்களிலும் இப்படி இருக்க வாய்ப்புண்டு. "எந்த மாசம், என்ன நட்சத்திரம்?" என்று அவரிடமே கேட்டால், "ஆவணி, ரோகிணி" என்று சட்டென்று பதில் வரும். அந்த நாளில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், தனிமை ஆகிய மூன்றையும் யோசிக்காமல் அடித்துவிடலாம். 'என்றும் உங்கள் பிள்ளைகள்' இன்னும் மோசம். மாதத்துக்கு ஒருமுறை மலையேறி வருகிற நாம், பிள்ளை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு இரண்டு மாதம் காணாமல் போனால், வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது அவர்தான்.

இவற்றையெல்லாம் விட எனக்கு உறுத்துவது 'நூறாண்டு வாழ்க'. படுத்த படுக்கையாக வலியோடு இருப்பவருக்கு அது வாழ்த்தாகக் கேட்காது. தொண்ணூற்றேழு வயதானவருக்கோ கெடு வைத்தது போலாகிவிடும். அதோடு நம் வழக்கத்தில் சிறியவர் வணங்குவார், பெரியவர் ஆசி கூறுவார். 'வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்' என்பது பிளக்ஸ் பேனரில் தேய்ந்துபோன வரிதான். சொல்லும் விஷயம் சரி. இல்லத்தில் சாப்பாடு, மருந்து, போர்வை என எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும் இடத்திலேயே இருப்பவருக்கு, கொடுக்கிற இடம் ஒன்று கிடைப்பது ஆசி கேட்கும்போதுதான்.

ஆகவே அட்டை இப்படி ஆகிறது:

"மதிப்பிற்குரிய டீச்சர் அம்மாவுக்கு,
பிறந்தநாள் வணக்கம்.
இன்று உங்களோடு டீ குடிக்க வந்ததில் எங்களுக்கு மகிழ்ச்சி.
உங்கள் ஆசியை வேண்டுகிறோம்."

கீழே வந்தவர்களின் பெயர்கள், படிக்கும்படியாக. அமைப்பின் சின்னம் வேண்டுமென்றால் அட்டையின் பின்பக்கம் சின்னதாக இருக்கட்டும்.

மெரூன் அட்டையில் தங்க எழுத்து கடையில் அழகாகத்தான் தெரியும். கண்புரை உள்ளவருக்கு வெறும் மினுமினுப்புதான் தெரியும். பளபளப்பில்லாத வெள்ளை அட்டை, கறுப்பு எழுத்து, அச்சடித்தால் 18 புள்ளிக்குக் குறையாத அளவு. மையைப் பற்றியும் ஒரு வார்த்தை: மூடுபனியில் கையில் பிடித்து வந்தால் இங்க்ஜெட் அச்சு கசியக்கூடும். ஜெராக்ஸ் கடையில் லேசர் பிரிண்ட் எடுங்கள், அல்லது பால்பாயிண்ட் பேனாவால் எழுதுங்கள்.

கொடுக்கும்போது வாசித்தும் காட்டுங்கள். டிசம்பர் குளிரில் எல்லோரும் மஃப்ளரை மூக்குவரை சுற்றியிருப்போம். காது மந்தமானவர்கள் உதட்டசைவைப் பார்த்துத்தான் பாதி புரிந்துகொள்கிறார்கள். மஃப்ளரை இறக்கிவிட்டு, எதிரில் உட்கார்ந்து, கத்தாமல் நிதானமாகப் படியுங்கள். வயதான காதில் கீச்சுக் குரல்தான் முதலில் தவறிப்போகும், அதனால் குரலைக் கொஞ்சம் தாழ்த்தினால் நல்லது. கடைசி வரி முடிந்ததும் உடனே கைதட்டி கேக்கை நீட்டிவிடாதீர்கள். ஆசி கேட்டிருக்கிறீர்கள், அவர் சொல்லி முடிக்கட்டும்.