மருத்துவ நிதிக் கணக்கை அனுப்பும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருத்துவ நிதி திரட்டிய குடும்பங்கள் கொடுத்தவர்களுக்கு அனுப்பும் கணக்குகளில் நான் மிக அதிகமாகத் திருத்துவது ஒன்று: மருத்துவமனை முன்பணத்தை இரண்டு முறை செலவில் எழுதுவது. பணம் எங்கும் போயிருக்காது. ஆனால் படிப்பவர் கூட்டிப் பார்த்தால் முன்பணத் தொகை அளவுக்கு உதைக்கும். கேள்வி கேட்கத் தயங்குபவர் மனத்துக்குள்ளேயே வைத்துக்கொள்வார். அதுதான் குடும்பத்துக்குக் கெட்ட பெயர் தருகிறது.

ஓர் உதாரணக் கணக்கை எடுத்துக்கொள்வோம். பிறையில் வசிக்கும் லாரி ஓட்டுநர் ஒருவருக்குப் பினாங்குத் தீவில் உள்ள தனியார் மருத்துவமனையில் இதய பைபாஸ் சிகிச்சை. சேர்க்கும்போதே 30,000 வெள்ளி முன்பணம் கட்டினார்கள். வீடு திரும்பும் நாளில் இறுதி பில் 38,720 வெள்ளி. முன்பணம் போக 8,720 வெள்ளியைக் கட்டிவிட்டு வந்தார்கள். வாட்ஸ்அப் குழுவுக்கு எழுதிய முதல் வரைவில் "மருத்துவமனை முன்பணம் 30,000, மருத்துவமனை பில் 38,720" என்று அடுத்தடுத்து இருந்தது. கூட்டினால் 68,720. உண்மையில் மருத்துவமனைக்குப் போனது 38,720 மட்டும்தான். முன்பணம் தனிச் செலவல்ல, அதே பில்லின் ஒரு பகுதி. இடையில் கூடுதல் முன்பணம் கேட்டுக் கட்டியிருந்தாலும் இதே கதைதான். ஆகவே இறுதி பில் தொகையைச் செலவாக எழுதி, அது எந்தெந்தத் தவணையில் கட்டப்பட்டது என்பதை அதே வரியில் சொல்லிவிட வேண்டும். பில் முன்பணத்தைவிடக் குறைந்து மருத்துவமனை மீதியைத் திருப்பித் தந்திருந்தாலும் பில் தொகையே செலவு. திரும்பி வந்த பணத்தைப் புது நன்கொடையாக வரவில் சேர்த்தால் கணக்கு மறுபடியும் வீங்கிவிடும்.

வரவுப் பக்கத்தில் உள்ள தவறுகள் கொஞ்சம் நுட்பமானவை. இதே நிதிக்கு வங்கி மாற்று, டுயிட்நவ் கியூஆர் வழியாக 31,460 வெள்ளி வந்தது. இணையத்தில் நிதி திரட்டும் தளத்தின் பக்கத்தில் 12,000 வெள்ளி என்று காட்டியது. தளம் தன் கட்டணமாக 600 வெள்ளியைப் பிடித்துக்கொண்டு 11,400 வெள்ளியைத்தான் கணக்கில் போட்டது. வரைவில் 11,400 மட்டும் இருந்தது. அது பொய்யில்லை, ஆனாலும் அந்தப் பக்கத்தில் 12,000 என்று தன் கண்ணால் பார்த்தவருக்கு 600 வெள்ளி குறைகிறது. இரண்டு எண்ணையும் எழுதி, நடுவில் கட்டணத்தையும் காட்டிவிட்டால் கேள்விக்கே இடமில்லை. ஒரு சங்கம் தருவதாகச் சொன்ன 1,500 வெள்ளியும் வரவில் ஏறியிருந்தது. கைக்கு வராத பணம் வரவில் சேராது. கீழே தனியாக ஒரு வரி போதும்.

ரொக்கத்தில்தான் உண்மையான சிக்கல். கோயிலில் வைத்த உண்டியலில் 4,300 வெள்ளி சேர்ந்தது. எண்ணி முடித்து ஒலிபெருக்கியிலும் சொன்னார்கள். நோயாளியின் தம்பி அதிலிருந்தே மறுபரிசோதனைக்குப் போய்வந்த வண்டி வாடகை 385 வெள்ளியைக் கொடுத்துவிட்டு, மீதி 3,915 வெள்ளியை "ரொக்க நன்கொடை" என்று எழுதினார். வண்டி வாடகை செலவில் எங்குமே இல்லை. இரண்டு பக்கமும் ஒரே தொகை விடுபட்டதால் இந்தத் தவறு கையிருப்பை மாற்றவில்லை. எனவே குடும்பத்தில் யார் கண்ணிலும் படவில்லை. ஆனால் கோயிலில் 4,300 என்று கேட்டவர்களுக்கு அது தெரியும். வந்த ரொக்கம் முழுவதையும் வரவில் எழுதி, அதிலிருந்து கொடுத்த ஒவ்வொன்றையும் செலவில் எழுதுவதே சரி. முடிந்தால் ரொக்கத்தை முதலில் வங்கியில் போட்டுவிட்டு அங்கிருந்து செலவழிப்பது இன்னும் நல்லது.

இத்தனையும் திருத்திய பின் கணக்கு இப்படி வந்தது:

"ஜூன் 15 வரை. வரவு: வங்கி மாற்றும் கியூஆரும் 31,460 வெள்ளி. இணையத் தளம் 12,000, கட்டணம் 600 போக 11,400. உண்டியல் 4,300. மொத்தம் 47,160.
செலவு: மருத்துவமனை இறுதி பில் 38,720 (சேர்க்கும்போது 30,000, வீடு திரும்பும்போது 8,720). மருந்து 640. மறுபரிசோதனைக்கு வண்டி வாடகை 385. மொத்தம் 39,745.
கையிருப்பு 7,415: வங்கியில் 7,115, ரொக்கம் 300.
ஒரு சங்கம் தருவதாகச் சொன்ன 1,500 இன்னும் வரவில்லை, வரவில் சேர்க்கவில்லை."

கையிருப்பு வரி மிக முக்கியம். வரவிலிருந்து செலவைக் கழித்து வரும் எண் வெறும் கணக்குதான். அந்தத் தேதியில் வங்கிப் புத்தகமும் கையில் உள்ள ரொக்கமும் சேர்ந்து அதே எண்ணைக் காட்டினால்தான் கணக்கை நம்பலாம். வண்டி வாடகையைப் போல இரண்டு பக்கமும் விடுபட்டது மட்டும் இதில் தெரியாது. நன்கொடை ஒருவரின் சம்பளக் கணக்கிலேயே வந்து சேர்ந்திருந்தால் இந்தச் சோதனையைச் செய்யவே முடியாது. அதனால்தான் தொடக்கத்திலேயே தனி வங்கிக் கணக்கு வேண்டும் என்று சொல்கிறேன். தேதி போடாமல் அனுப்புவதும் தவறு. மறுநாள் காலையில் பணம் போட்டவர் தன் தொகையைத் தேடி ஏமாறுவார்.

எழுத்து நடையைப் பற்றி இரண்டு விஷயம். நன்றியும் பிரார்த்தனையும் மூன்று பத்தி ஓடி, எண்கள் கைபேசித் திரைக்குக் கீழே மறைந்துவிடக் கூடாது. முதல் வரியில் நோயாளி எப்படி இருக்கிறார், இரண்டாம் வரியிலிருந்து கணக்கு, நன்றி இறுதியில். "ஏறக்குறைய 47 ஆயிரம்", "இதர செலவு" போன்ற சொற்களையும் எடுத்துவிடுங்கள். 385 வெள்ளிக்குப் பெயர் இருக்கும்போது அதை "இதர" என்று எழுதினால் சந்தேகத்தை நாமே அழைத்து வருகிறோம்.

பில்லின் படத்தை இணைப்பது நல்ல பழக்கம். ஆனால் அதில் அடையாள அட்டை எண், வீட்டு முகவரி, நோயாளி எண், செய்த ஒவ்வொரு சோதனையின் பெயர் எல்லாம் இருக்கும். கைபேசியில் உள்ள ஹைலைட்டரால் கறுப்படித்து மறைப்பவர்கள் பலர். அந்த மை அரைகுறையாக ஊடுருவும் தன்மை கொண்டது. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் எண்கள் மீண்டும் தெரியும். முழுக் கறுப்புக் கட்டத்தால் மூடி, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அந்தப் படத்தை மட்டும் அனுப்ப வேண்டும். மருத்துவமனைப் பெயர், தேதி, மொத்தத் தொகை, செலுத்திய தொகை இவை தெரிந்தால் போதும். படுக்கையில் இருப்பவரிடம் "அண்ணே, இந்தப் பில்லைக் குழுவில் போடலாமா?" என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். பணம் அவருக்காக வந்தது என்றாலும் உடம்பு அவருடையது. கொடுத்தவர்களின் முழுப் பெயரும் வேண்டாம். தேதி, முதலெழுத்து, தொகை இருந்தால் தன் தொகையை அவரவர் கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

சிலர் வரி விலக்குக்கு ரசீது கேட்பார்கள். ஒரு தனி நபருக்காகத் திரட்டிய பணத்துக்கு அது கிடைக்காது. வருமான வரிச் சட்டம் 1967-இன் 44(6) பிரிவின்படி அங்கீகாரம் பெற்ற அமைப்புகளுக்குத் தரும் நன்கொடைக்கே விலக்கு உண்டு. கேட்கும் முன்பே ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

மீதமுள்ள 7,415 வெள்ளியைப் பற்றி எழுதாமல் விடுவது கடைசித் தவறு. முதலில் பணம் கேட்டு அனுப்பிய செய்தியை எடுத்துப் படியுங்கள். "அறுவை சிகிச்சைக்கு" என்று மட்டும் கேட்டிருந்தால், அதை ஆறு மாத மருந்துக்கு வைத்துக்கொள்வதற்கும் கொடுத்தவர்களின் சம்மதம் கேட்பதே முறை. வேறொரு நோயாளிக்குத் தருவதானால் கட்டாயம் கேட்க வேண்டும். மருந்துக்கு என்று முடிவானால் எதுவரை, அதன் பிறகும் மிஞ்சினால் என்ன என்பதையும் எழுதிவிடுங்கள். அந்தச் சங்கத்தின் 1,500 வெள்ளி வந்து சேர்ந்தாலும் பழைய அறிக்கையைத் திருத்தி மறுபடி அனுப்ப வேண்டாம். அடுத்த அறிக்கையின் முதல் வரி "ஜூன் 15 கையிருப்பு 7,415" என்று தொடங்கட்டும், 1,500 அதற்கு அடுத்த வரியில் வரட்டும்.