போட்டோவில் நாயின் மூக்கு ஏன் பெரிதாகிறது? செல்போனில் உள்ளபடி படம் எடுக்கும் முறை

அத்தை வீட்டில் வீரன் என்றொரு சிப்பிப்பாறை நாய் இருக்கிறது. ஒட்டிய வயிறு, நீண்டு மெலிந்த முகம், பார்க்க அவ்வளவு அழகு. போன மாதம் அவனைப் படம் எடுத்து அத்தைக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. "என்னப்பா இது, நம்ம வீரன் மாதிரியே இல்லையே? மூக்கு மட்டும் உருளைக்கிழங்கு மாதிரி முன்னால நிக்குது, காதைக் காணோம்!"

அத்தை சொன்னது சரிதான். படத்தில் மூக்கு முகத்தில் பாதியை அடைத்திருந்தது, கண்கள் சின்னதாகப் பின்னால் போயிருந்தன. கேமராவைக் குறை சொல்ல ஏதுமில்லை. நான் நின்ற தூரம்தான் தப்பு. அதே வீரனை அதே போனில் சரியாக எடுத்த விதத்தைப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதலில் இரண்டு டம்ளர்

நாயிடம் போவதற்கு முன், வீட்டிலேயே இதைச் செய்து பாருங்கள். ஒரே அளவுள்ள இரண்டு எவர்சில்வர் டம்ளர்களை மேசையில் வையுங்கள். ஒன்று முன்னால், மற்றது அதற்கு ஒரு சாண் பின்னால், கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளி. முன் டம்ளரிலிருந்து ஒரு சாண் தூரத்தில் போனை வைத்து ஒரு படம் எடுங்கள். பிறகு இரண்டு மூன்று எட்டு பின்னால் போய், 2x தொட்டு இன்னொரு படம்.

முதல் படத்தில் முன் டம்ளர் பின்னதைப் போல் இரண்டு மடங்கு உயரமாகத் தெரியும். இரண்டாவதில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. முன் டம்ளர்தான் நாயின் மூக்கு, பின் டம்ளர் அதன் காது.

காரணம் எளிய கணக்கு. ஒரு பொருள் படத்தில் எவ்வளவு பெரிதாக விழும் என்பது, அது லென்ஸிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. தூரம் இரண்டு மடங்கானால் அளவு பாதியாகும். வீரன் அசையாமல் படுத்திருந்தபோது தையல் டேப்பால் அளந்தேன். மூக்கு நுனியிலிருந்து கண்ணுக்கு 12 செ.மீ., காதின் அடிக்கு 20 செ.மீ.

போன் மூக்கிலிருந்து 20 செ.மீ. தூரத்தில் இருந்தால், கண் 32 செ.மீ. தள்ளியும் காது 40 செ.மீ. தள்ளியும் இருக்கும். அதாவது கண்ணோடு ஒப்பிட்டால் மூக்கு 1.6 மடங்கு ஊதிப்போகிறது, காதோடு ஒப்பிட்டால் 2 மடங்கு. ஒன்றரை மீட்டர் பின்னால் போனால், மூக்குக்கு 150, கண்ணுக்கு 162, காதுக்கு 170. இப்போது மூக்கு கண்ணைவிட 8 சதவீதம்தான் பெரிதாகிறது. அந்த அளவு வித்தியாசம் கண்ணுக்கு உறுத்தாது.

வீரன் முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சும்போது நம் கண்ணிலும் மூக்கு இப்படித்தான் விழுகிறது. ஆனால் இரண்டு கண்ணால் பார்ப்பதால், அது பக்கத்தில் இருக்கிறது என்று மனசு கணக்குப் போட்டுக்கொள்கிறது. தட்டையான படத்தில் அந்தத் தூரம் தெரியாது. பக்கத்தில் இருப்பது, பெரிதாக இருப்பது போல் ஆகிவிடுகிறது.

மூஞ்சி நீளமான நாய்களுக்கே இந்தத் தொல்லை அதிகம். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் நன்றாக மாட்டும். பூனைக்கு மூக்கும் கண்ணும் அருகருகே இருப்பதால் குறைவு. தட்டை முகமுள்ள பக் நாய்க்கு இன்னும் குறைவு.

படி 1: மூன்று எட்டு பின்னால் போங்கள்

நாயிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள். சாதாரணமாக நாம் ஒரு நாயைப் பார்த்துப் பழகியதும் கிட்டத்தட்ட இந்தத் தூரத்தில்தான், அதனால் படம் 'நம்ம நாய்' மாதிரி இருக்கும். வீட்டுத் தரையில் டைல்ஸ் இருந்தால் வேலை சுலபம். இரண்டடி டைல்ஸ் என்றால் இரண்டரைக் கட்டம் எண்ணினால் ஒன்றரை மீட்டர்.

படி 2: 2x அல்லது 3x தொடுங்கள்

பின்னால் போனதும் நாய் சின்னதாகத் தெரியும். உடனே முன்னால் போகத் தோன்றும், போகாதீர்கள். 2x தொடுங்கள், உங்கள் போனில் இருந்தால் 3x.

ஒரு விஷயம் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். மூக்கைச் சரி செய்வது ஜூம் இல்லை, தூரம். ஒன்றரை மீட்டரில் 1x வைத்து எடுத்து, பிறகு முகத்தை மட்டும் வெட்டினாலும் மூக்கு இதே அளவில்தான் இருக்கும். குறைவது தெளிவு மட்டும். பெரும்பாலான போன்களின் 1x கேமரா, ஒன்றரை மீட்டரில் சுமார் 2 மீட்டர் அகலத்தைப் பிடிக்கிறது. நாயின் தலையும் தோளும் சேர்ந்த அரை மீட்டர் அதில் கால்வாசிதான். 4000 பிக்சல் அகலப் படத்தில் ஆயிரம்தான் நாய்க்குக் கிடைக்கும். வாட்ஸ்ஆப்பில் அனுப்ப அது போதும், பிரிண்ட் போட்டு மாட்டப் போதாது.

3x தொட்டாலும் போன் சில நேரம் நம்மை ஏமாற்றும். வெளிச்சம் குறைவாக இருந்தால் 3x-க்கென்று உள்ள டெலி லென்ஸை விட்டுவிட்டு, 1x கேமராவின் படத்தையே வெட்டிப் பெரிதாக்கித் தரும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. 3x வைத்துக்கொண்டு, பின்னாலுள்ள லென்ஸ்களை ஒவ்வொன்றாக விரலால் மூடுங்கள். எதை மூடும்போது திரை இருட்டாகிறதோ, அதுதான் வேலை செய்கிறது. 1x லென்ஸை மூடி இருட்டானால், வெளிச்சமுள்ள இடத்துக்குப் போங்கள்.

படி 3: 0.5x பக்கம் போகவே வேண்டாம்

0.5x கேமரா மிக அகலமாகப் பார்க்கும். அதில் முகம் நிறைய வேண்டுமென்றால் மூக்குக்குப் பத்து செ.மீ. வரை நெருங்க வேண்டியிருக்கும். பத்தில் மூக்கு, முப்பதில் காது. மூன்று மடங்கு! போதாக்குறைக்கு, படத்தின் ஓரத்தில் இருப்பவற்றை அது வெளிப்பக்கம் இழுக்கும். ஓரத்தில் நாயின் பின்பகுதி வந்தால் உடம்பே நீண்டுவிடும்.

சில போன்கள் நாம் கேட்காமலேயே இதற்குத் தாவும். நாம் ரொம்ப நெருங்கினால் மேக்ரோ என்று அகல லென்ஸுக்கு மாறிவிடும். என் முதல் படத்தில் நடந்தது இதுதான் என்று பிறகு தெரிந்தது. திரையில் படம் திடீரென்று ஒரு துள்ளு துள்ளினாலோ, சின்னப் பூ போன்ற குறி வந்தாலோ அது மாறிவிட்டது என்று அர்த்தம். ஐபோனில் Settings > Camera > Macro Control போட்டு வைத்தால், அந்தப் பூவைத் தொட்டு அணைக்கலாம். ஆனால் ஒன்றரை மீட்டரில் நிற்பவருக்கு இந்தத் தலைவலியே வராது.

படி 4: தரையில் உட்காருங்கள்

நின்றபடி குனிந்து எடுத்தால், மூக்குக்கு நேர்ந்தது இப்போது தலைக்கு நேரும். போன் தரையிலிருந்து 140 செ.மீ. உயரத்தில், நாய் நம் காலடியில், அதன் தலை 70 செ.மீ. உயரத்தில் என்று வையுங்கள். தலை போனுக்கு 70 செ.மீ., பாதம் 140. தலை இரண்டு மடங்கு பெருத்து, கால்கள் குட்டையாகிவிடும். நெட்டைக் கால் சிப்பிப்பாறைகூடப் படத்தில் குட்டை நாயாகும்.

சம்மணம் போட்டு உட்கார்ந்து, போனை நாயின் கண் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். முழு உடம்பு எடுக்கும்போது இன்னும் இறக்கி, நெஞ்சு உயரத்துக்கு.

நாம் உட்கார்ந்ததும் நாய் ஓடிவந்து மூஞ்சியை நக்கும், அது எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான். அதனால் நாயின் பக்கத்தில் ஒருவர் லேசாகக் கழுத்துப்பட்டையைப் பிடித்திருக்கட்டும். எங்களுக்கு அத்தை பிடித்தார். இன்னொருவர் உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று, பிஸ்கட் கவரை ஒரே ஒரு தடவை கசக்கட்டும். காது நிமிரும் அந்த ஒரு நொடிதான் நமக்கு வேண்டியது. நாலைந்து தடவை கசக்கினால், பிஸ்கட் வராது என்று நாய்க்குத் தெரிந்துவிடும்.

படி 5: கண்ணைத் தொட்டு ஃபோகஸ்

திரையில் நாயின் கண்ணைத் தொடுங்கள். 20 செ.மீ. தூரத்தில் கண்ணில் ஃபோகஸ் வைத்தால் மூக்கு மங்கும், மூக்கில் வைத்தால் கண் மங்கும். ஒன்றரை மீட்டரில் பெரும்பாலும் இரண்டும் தெளிவாக வரும். போர்ட்ரெய்ட் மோடை அணைத்துவிடுங்கள், அது மீசை முடியையும் காது நுனியையும் பின்னணி என்று நினைத்து அழித்துவிடுகிறது. வெள்ளை நாயாக இருந்தால், தொட்ட இடத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள், முடியின் வரிகள் தெரியும். மர நிழல் போதும், ஃபிளாஷ் வேண்டாம்.

படி 6: ஒரு படம் போதாது

நேர்முகமாக மட்டும் எடுத்தால், சரியான தூரத்திலும் ஒரு உண்மை மறைந்துவிடும். மூஞ்சி எவ்வளவு நீளம் என்பது நேர்ப்படத்தில் தெரியவே தெரியாது. ரொம்பத் தள்ளிப் போய் 10x வைத்தால் இன்னும் மோசம், முகம் தட்டையாகி வீரனின் நீண்ட மூஞ்சி குட்டையாகத் தெரியும். அதனால் பக்கவாட்டில் ஒன்று எடுங்கள். அப்போது மூக்கும் கண்ணும் காதும் போனிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்கும், எதுவும் ஊதாது, எதுவும் சுருங்காது. மூன்றாவதாக, நாலு காலும் தெரிய முழு உடம்புப் படம்.

தத்துக் கொடுப்பதற்காக எடுக்கும் படமானால், இந்த மூன்றும் கட்டாயம் வேண்டும். முழு உடம்புப் படத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை நாய்க்குச் சரியாகப் பக்கத்தில், முன்னும் பின்னும் போகாமல் வையுங்கள். எல்லோருக்கும் அதன் உயரம் தெரியும். நாற்காலி இரண்டடி பின்னால் போனால்கூட நாய் பெரிதாகத் தெரியும், பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். ஒருமுறை செவலைக் குட்டி ஒன்றை இப்படிக் கவனமில்லாமல் எடுத்துப் போட்டேன். வந்து பார்த்த குடும்பம், "படத்துல பெருசா இருந்துச்சே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனது. அந்தக் குட்டிக்கு வீடு கிடைக்க மேலும் மூன்று வாரம் ஆனது. இன்றும் எனக்கு அது மனசில் முள்ளாக இருக்கிறது.

படத்தைப் பார்த்துக் குட்டி வாங்குபவர்களும் இதைக் கவனியுங்கள். கையை நீட்டி, குட்டியைக் கேமராப் பக்கம் தள்ளிப் பிடித்திருந்தால், அதன் அளவை நம்ப வேண்டாம். பிடித்திருப்பவரின் கைவிரலையும் முகத்தையும் பாருங்கள். விரல்கள் முகத்துக்குப் பொருந்தாத பருமனில் இருந்தால், குட்டியும் அதே அளவு ஊதியிருக்கிறது. தரையில் நிற்க வைத்துப் பக்கவாட்டில் ஒரு படம் கேளுங்கள்.

ஏற்கெனவே கிட்டத்தில் எடுத்த படத்தைச் சரி செய்யலாமா?

முடியாது என்றே சொல்வேன். எடிட்டிங் ஆப்பில் மூக்கைச் சுருக்கலாம், ஆனால் 20 செ.மீ.யில் எடுத்தபோது கன்னம் மறைத்துவிட்ட காதின் அடிப்பகுதி படத்திலேயே இல்லை. இல்லாததை எப்படிச் சுருக்கியும் கொண்டுவர முடியாது. திரும்ப எடுப்பதுதான் வழி.

வீரனைத் திரும்ப எடுத்தேன். காலை ஏழரை மணி, வேப்பமர நிழல், ஒன்றரை மீட்டர், 2x. பதினெட்டுப் படத்தில் மூன்று தேறியது. பக்கவாட்டுப் படத்தைப் பார்த்ததும் அத்தை, "இதான் என் புள்ள" என்று சொல்லி, பிரிண்ட் போட்டு வரச் சொல்லிவிட்டார்.